பத்திரிகைச் செய்திக்குறிப்பு கூகுள் செய்தித் தேடலில் வர: தலைப்பும் சுருக்கமும் எழுதும் முறை

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் இயங்கும் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் அலுவலக வேலை பார்க்கிறேன். கணக்கு எழுதுவது, மூட்டை எடை போடுவது, பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பது எல்லாம் நான்தான். எங்கள் விதை சேமிப்புக் கிடங்கைத் திறந்தபோது அழகாக அச்சடித்த இரண்டு பக்கச் செய்திக்குறிப்பைப் பத்துக்கு மேற்பட்ட நிருபர்களுக்குக் கொடுத்தேன். இரண்டு நாளிதழ்களில் படத்துடன் வந்தது. ஆனால் அடுத்த வாரம் சேலத்திலிருந்து ஒரு வியாபாரி போன் செய்து, "உங்க கிடங்கு பத்தி எவ்வளவு தேடியும் ஒண்ணுமே வரலையே, நிஜமாவே திறந்துட்டீங்களா?" என்று கேட்டார். நானும் தேடினேன், எதுவும் வரவில்லை. இணையத்தில் வெளியாகியிருந்த ஒரு செய்தியின் தலைப்பில்கூட 'முப்பெரும் விழா' என்றுதான் இருந்தது. கிடங்கு என்ற சொல்லே அதில் இல்லை.

அடுத்து சாமை அரிசி ஆலை திறந்தபோது எல்லாவற்றையும் மாற்றினேன். என்ன மாற்றினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் சுய உதவிக் குழுவோ, பள்ளியோ, சிறு தொழிலோ நடத்தினாலும் இதே வரிசையில் போகலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். செய்தித் தேடலில் பெரும்பாலும் வருவது தொடர்ந்து செய்தி வெளியிடும் தளங்கள்தான். வருடத்துக்கு நான்கு அறிவிப்பு போடும் நம் தளம் 'செய்திகள்' பகுதியில் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பொதுத் தேடலில் வரலாம். ஆகவே உங்கள் தலைப்புக்கு இரண்டு வேலை இருக்கிறது. நிருபரும் உதவி ஆசிரியரும் கைவைக்காமல் அப்படியே எடுத்துப் போடும்படி இருக்க வேண்டும். அது அவர்கள் தளத்தில் ஏறியதும், தேடுகிறவர் தட்டும் சொற்கள் அதில் இருக்க வேண்டும்.

1. செய்தி எது என்று ஒரே வரியில் எழுதுங்கள்

தலைப்பைத் தொடும் முன், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதியது இது: "சாமையை அரிசியாக்கும் மெஷின் நம்ம பென்னாகரத்துக்கே வந்துடுச்சு, கிலோவுக்கு ஆறு ரூபாய் கூலி." இதில் பொருள், ஊர், நடந்தது, பயன் நான்கும் இருக்கின்றன. விழா, குத்துவிளக்கு, பொன்னாடை எதுவும் இல்லை. அவை செய்தியின் உள்ளே வரட்டும்.

ஒரே நாளில் மூன்று நிகழ்ச்சி நடத்தினால் மூன்று தனிக் குறிப்பு எழுதுங்கள். மூன்றையும் சேர்த்து 'முப்பெரும் விழா' என்று போட்டால், மூன்றில் எதைத் தேடுகிறவருக்கும் அது கிடைக்காது. நான் முதல் முறை விழுந்த குழி இதுதான்.

2. ஊர்ப்பெயரையும் பொருள் பெயரையும் எப்படி எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. அரசு அலுவலகங்கள் 'தருமபுரி' என்று எழுதுகின்றன. பத்திரிகைகளில் 'தர்மபுரி'யும் வருகிறது, 'தருமபுரி'யும் வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு 'ஓசூர்', 'ஒசூர்' என்று இரண்டு உண்டு. மக்கள் போனில் தட்டுவது எது என்று தெரிந்துகொள்ள Google Trends தளத்துக்குப் போய் இரண்டு வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். இடத்தைத் தமிழ்நாடு என்றும், தேடல் வகையை News Search என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். சிறிய ஊர்களுக்குப் போதுமான தேடல் இல்லாமல் வரைபடம் வெறுமையாக வரும். அப்போது பொதுத் தேடலை வைத்துப் பாருங்கள்.

எது கிடைத்தாலும் தலைப்பில் ஒரே வடிவத்தை வையுங்கள். இன்னொரு வடிவம் படத்தின் கீழ் வரும் விளக்கத்தில் ஒருமுறை வந்தால் போதும். ஒரே பத்தியில் இரண்டையும் கலந்தால் எழுத்துப்பிழை என்று நினைத்து நிருபர் திருத்திவிடுவார்.

பொருள் பெயரும் அப்படித்தான். நாங்கள் அலுவலகத்தில் 'குறுந்தானியம்' என்று எழுதுவோம். வாங்க வருகிறவர்கள் 'சிறுதானியம்' என்கிறார்கள், அல்லது நேராக 'சாமை அரிசி' என்கிறார்கள். தலைப்புக்கு 'சாமை அரிசி'யும், சுருக்கத்துக்குக் கீழே முதல் பத்தியில் 'சிறுதானியம்' என்ற சொல்லும் வைத்தேன். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர் 'பெங்களூரா' என்று மட்டும் எழுதாமல் 'பெங்களூரா மாங்காய்' என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது மாங்காய் என்பது மாவட்டத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது.

தமிழில் வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் உருவமே மாறுகிறது. பென்னாகரம் என்பது 'பென்னாகரத்தில்' ஆகிறது. தேடுகிறவர் 'பென்னாகரம்' என்று தட்டுவார். தேடுபொறி இவற்றைச் சேர்த்துப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். அதனால் தலைப்பில் 'பென்னாகரத்தில்' என்றால், சுருக்கத்தில் 'பென்னாகரம் வட்டம்' என்று உருபில்லாமல் ஒருமுறை வையுங்கள். சொற்களை ஒட்டி எழுதுவதையும் தவிருங்கள். 'சாமைஅரிசிஆலை' என்று இடைவெளி இல்லாமல் இருந்தால் அது வேறொரு சொல்லாகிவிடும்.

3. தலைப்பை எழுதுங்கள்

என் முதல் வரைவு இப்படி இருந்தது:

"மாண்புமிகு அமைச்சர் பெருமக்கள் முன்னிலையில் எங்கள் நிறுவனத்தின் புதிய ஆலை திறப்பு விழா இனிதே நடைபெற்றது"

போனில் தேடல் முடிவு தெரியும்போது நீண்ட தலைப்பின் கடைசி வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாக நிற்கும். மேலே உள்ளதில் வெட்டுக்கு முன் மிஞ்சுவது மரியாதைச் சொற்கள் மட்டும்தான். தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்த ஆபத்து நமக்குக் கூடுதல். 'திறப்பு' என்ற சொல் ஒன்பதாவது இடத்துக்குப் போனால் என்ன நடந்தது என்பதே தெரியாது. வரும் விருந்தினருக்கான மரியாதையை முதல் பத்தியில் முழுப் பதவியோடு கொடுங்கள். தலைப்பில் வேண்டாம்.

இரண்டாவது வரைவு: "சிறுதானியப் புரட்சியில் புதிய மைல்கல்". எங்கள் தலைவருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இதை யார் எந்த ஊரில் எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யாரும் 'மைல்கல்' என்று தேட மாட்டார்கள் என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்.

கடைசியில் போனது:

"பென்னாகரத்தில் சாமை அரிசி ஆலை திறப்பு: கிலோவுக்கு 6 ரூபாய் கூலி"

ஊர், பொருள், நடந்தது என மூன்றும் முதல் ஐந்து சொற்களில் முடிந்துவிடுகின்றன. முக்காற்புள்ளிக்கு முன் இருப்பது தனியாகவே நிற்கும். பின்னால் உள்ளது வெட்டுப்பட்டாலும் செய்தி போகாது. எண்ணை எழுத்தில் எழுதாமல் இலக்கத்தில் கொடுத்தேன். நிறுவனத்தின் பெயர் தலைப்பில் இல்லை. ஊரில் ஏற்கெனவே பெயர் தெரிந்தவர்களாக நீங்கள் இருந்தால் மட்டும் பெயரை முன்னால் வையுங்கள்.

எழுத்துகளை எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. 'சாமை' நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு ச, துணைக்கால், ம, ஐகார இணைக்கொம்பு என்று நான்கு. ஆங்கிலத் தலைப்புக்குச் சொல்லப்படும் எழுத்து எண்ணிக்கையைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கூகுள் இத்தனை எழுத்து என்று எல்லை வைக்கவில்லை, திரையின் அகலத்துக்கு வெட்டுகிறது. எட்டு, ஒன்பது சொல்லுக்குள் முடித்துவிட்டு, உங்கள் போனில் ஒருமுறை பாருங்கள்.

'இன்று', 'நாளை', 'நேற்று' மூன்றையும் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். நான்கு நாள் கழித்துத் தேடி வருகிறவருக்கு அவை பொய்யாகிவிடும்.

4. சுருக்கத்தை எழுதுங்கள்

சுருக்கம் என்பது தலைப்புக்குக் கீழே வரும் மூன்று நான்கு சிறிய வாக்கியங்கள். இதையே தளத்தில் விளக்க வரியாகவும் போடுகிறோம். தேடல் முடிவில் தலைப்பின் கீழ் சாம்பல் நிறத்தில் வரும் இரண்டு வரியை கூகுள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள எழுத்திலிருந்தே எடுக்கிறது. விளக்க வரி நன்றாக இருந்தால் சில நேரம் அதை எடுக்கும். எதை எடுத்தாலும் சரியாக இருக்க, விளக்க வரியும் முதல் பத்தியும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் கொடுத்தது:

"பென்னாகரம் வட்ட உழவர்களின் சாமை அரிசி ஆலை ஜூன் 12, 2025 வியாழக்கிழமை திறக்கப்பட்டது. ஒரு மணி நேரத்தில் 300 கிலோ சாமையை உமி நீக்கித் தரும். கூலி கிலோவுக்கு 6 ரூபாய். தருமபுரி மாவட்டத்தில் சாமை பயிரிடும் எவரும் மூட்டையோடு வரலாம்."

முதல் வாக்கியம் பதினோரு சொல்லில் முடிகிறது, வினையோடு முடிகிறது. நம் அரசுக் குறிப்புகளில் பழகிய 'நடைபெற்ற விழாவில் கலந்துகொண்டு சிறப்புரையாற்றி, பின்னர் பார்வையிட்டு, அதனைத் தொடர்ந்து' என்ற தொடர் வாக்கியம் இங்கே உதவாது. வெட்டுப்படும் இடத்தில் இன்னும் வினையே வந்திருக்காது.

தலைப்பையே மறுபடி எழுதாதீர்கள். தலைப்பில் இல்லாத நாள், அளவு, யார் வரலாம் என்பதைச் சுருக்கத்தில் கொடுங்கள். நடந்த நாளின் மாதம், தேதி, ஆண்டு, கிழமை என்று முழுதாகக் கொடுங்கள். ஒரே சொல்லை ஐந்தாறு முறை திணிப்பதும் வேண்டாம். 'சாமை' எங்கள் சுருக்கத்தில் மூன்று முறை வருகிறது, தேவைப்பட்ட இடத்தில் மட்டும்.

நிகழ்ச்சிக்கு முன் அனுப்பினால் 'திறக்கப்படுகிறது' என்று இருக்கும். முடிந்ததும் அதையே மறந்துபோய்த் தளத்தில் விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. வினையை மாற்றுங்கள், நடந்ததைச் சேருங்கள், திருத்திய நேரத்தையும் காட்டுங்கள். உள்ளே ஒன்றும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாக்குவது கூகுள் நெறிகளுக்கு எதிரானது.

5. யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்தாகவே அனுப்புங்கள்

கிடங்குச் செய்தி தேடலில் வராததற்குப் பெரிய காரணம் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. எங்களுக்கு டைப் செய்து கொடுத்த கடையில் பாமினி எழுத்துரு. தாளில் பார்க்க நல்ல தமிழ். ஆனால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். 'மாவட்டம்' என்று நாம் படிப்பது உள்ளே இப்படி இருக்கும்:

```
khtl;lk;
```

தேடுபொறி படிப்பது இந்த வரியைத்தான். நிருபரும் இதை நகலெடுத்து ஒட்ட முடியாமல் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது, அதில்தான் தலைப்பு சுருங்கி 'முப்பெரும் விழா' ஆனது. சோதிப்பது எளிது. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகத் தெரிந்தால் யூனிகோடு. பழைய கோப்புகளை மாற்ற NHM Converter போன்ற இலவச மென்பொருள் உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதும் படித்துப் பாருங்கள், எண்களும் நிறுத்தக்குறிகளும் சில இடங்களில் உருமாறும்.

செய்திக்குறிப்பைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்புவதும் இதே கதிதான். கையொப்பமிட்ட லெட்டர்பேடு பிரதி நம்பகத்துக்குத் தேவை, அதை இணைப்பாக வையுங்கள். முழுச் செய்தியையும் மின்னஞ்சலின் உடலிலேயே எழுத்தாகக் கொடுங்கள். எங்கள் பக்கம் தாலுகா நிருபர்கள் போனிலிருந்தே செய்தி அனுப்புகிறார்கள், அதனால் வாட்ஸ்அப்பிலும் எழுத்தாகவே அனுப்புகிறேன்.

நான் ஒரு உறையில் வைப்பது போலச் சேர்த்து வைக்கும் ஆவணங்கள்: யூனிகோடு செய்தி, கையொப்பப் பிரதி, இரண்டு புகைப்படம், படத்தில் இருப்பவர்களின் பெயரும் பதவியும் இடமிருந்து வலமாக, பேசக் கூடிய ஒருவரின் போன் எண். புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் Document ஆக அனுப்புங்கள், அப்போதுதான் தரம் குறையாது. அகலம் 1200 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆட்சியர் கலந்துகொள்ளும் நிகழ்ச்சி என்றால் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் தனியாக ஒரு குறிப்பு வெளியிடும். முந்தின நாளே உங்கள் தலைப்பு, கூலி, அளவு எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு குறிப்பிலும் எண்கள் ஒத்துப்போக வேண்டும்.

6. உங்கள் தளத்தில் ஏற்றுங்கள்

தளம் இருந்தால், நிருபர்களுக்கு அனுப்பும் அதே நேரத்தில் அங்கேயும் ஒரு தனிப் பக்கமாகப் போடுங்கள். பக்கத்தில் பெரிதாகத் தெரியும் தலைப்பும், உள்ளே இருக்கும் title வரியும் ஒன்றாக இருக்கட்டும். வேறுவேறாக இருந்தால் எதைக் காட்டுவது என்று கூகுளே தேர்ந்தெடுக்கும். தளம் செய்து கொடுப்பவரிடம் இதைக் காட்டுங்கள்:

```
<title>பென்னாகரத்தில் சாமை அரிசி ஆலை திறப்பு: கிலோவுக்கு 6 ரூபாய் கூலி</title>
<meta name="description" content="(சுருக்கம் இங்கே)">
<script type="application/ld+json">
{
  "@context": "https://schema.org",
  "@type": "NewsArticle",
  "headline": "பென்னாகரத்தில் சாமை அரிசி ஆலை திறப்பு: கிலோவுக்கு 6 ரூபாய் கூலி",
  "datePublished": "2025-06-12T12:30:00+05:30"
}
</script>
```

கடைசியில் உள்ள `+05:30` முக்கியம். அது இல்லாமல் சர்வர் வேறு நேரத்தில் ஓடினால், விடியற்காலை நான்கு மணிக்குப் போட்ட செய்தி முந்தின நாள் தேதியில் தெரியும். தேதி தலைப்புக்குப் பக்கத்தில் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

பக்கத்தின் முகவரியை ஆங்கில எழுத்தில் `pennagaram-samai-mill` என்பது போல வையுங்கள். தமிழில் வைத்தாலும் தேடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதை வாட்ஸ்அப்பில் பகிரும்போது 'சா' என்ற ஒரு எழுத்தே `%E0%AE%9A%E0%AE%BE` என்று நீளும். பார்ப்பவர்கள் மோசடி இணைப்பு என்று பயந்து தொட மாட்டார்கள்.

எங்கள் தளத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. தளம் செய்தவர் வேலை நடக்கும்போது வைத்த பூட்டை எடுக்கவே இல்லை. வேர்ட்பிரஸ் என்றால் Settings, பிறகு Reading போய், Discourage search engines from indexing this site என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் எங்கள் தளமே தேடலுக்கு வெளியே இருந்ததற்கு அந்த ஒரு டிக் போதுமானதாக இருந்தது.

செய்திக்குறிப்புக்குள் 'சாமை அரிசி வாங்க' போன்ற சொற்களில் உங்கள் கடைக்கு இணைப்பு வைத்துப் பல தளங்களுக்கு அனுப்பாதீர்கள். கூகுள் அதை இணைப்பு மோசடி வகையில் சேர்க்கிறது. நிறுவனப் பெயரில் ஒரு இணைப்பு போதும்.

7. நேரமும் செலவும்

நிகழ்ச்சியைக் காலை 10:30-க்கு வைத்து, 12:30-க்குள் செய்தியை அனுப்பினேன். செய்தியை முதல் நாள் இரவே எழுதி வைத்து, வந்தவர்களின் பெயரை மட்டும் கடைசியில் நிரப்பினேன். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் அன்றைய இணையப் பதிப்பில் இடம் கிடைப்பது சிரமம் என்று நிருபர்களே சொல்லியிருக்கிறார்கள். செய்தித் தளங்கள் கூகுளுக்குக் கொடுக்கும் செய்திப் பட்டியலில் கடைசி இரண்டு நாள் செய்திகளுக்குத்தான் இடம் என்பதால், மூன்று நாள் கழித்து அனுப்பும் குறிப்புக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும்.

எங்களுக்கு ஆன செலவு: புகைப்படக்காரருக்கு 1,500 ரூபாய். தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் ஆண்டுக்கு 3,500 ரூபாய், அது ஏற்கெனவே கட்டியது. மற்றதெல்லாம் என் உழைப்பு. ஒருவர் போன் செய்து, 15,000 ரூபாய் கொடுத்தால் 'கூகுள் நியூஸ் அப்ரூவல்' வாங்கித் தருவதாகச் சொன்னார். கொடுக்காதீர்கள். கூகுள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. நெறிகளுக்கு உட்பட்ட தளங்களைத் தானாகவே பரிசீலிக்கிறது. காசு கொடுத்துப் போடும் செய்தி என்றால் அது விளம்பரம் என்று பக்கத்தில் குறிக்கப்பட வேண்டும்.

8. வந்ததா என்று பாருங்கள்

உங்கள் தளத்துப் பக்கத்தை Google Search Console-இல் URL Inspection பெட்டியில் ஒட்டி, Request indexing அழுத்துங்கள். இது இலவசம். பிறகு சில மணி நேரம் கழித்து கூகுளில் செய்திகள் பகுதியிலும் பொதுத் தேடலிலும் இப்படித் தேடுங்கள்:

```
"சாமை அரிசி ஆலை" பென்னாகரம்
```

மேற்கோளுக்குள் உள்ளது அப்படியே உள்ள செய்திகளைத் தேடும். அடுத்து மேற்கோள் இல்லாமல், ஒரு வாடிக்கையாளர் தட்டுவது போல 'தர்மபுரி சாமை' என்றும் தேடிப் பாருங்கள். உங்கள் கணக்கில் இல்லாத வேறு போனில் பார்ப்பது நல்லது. முதலாவதில் வந்து இரண்டாவதில் வரவில்லை என்றால், செய்தி ஏறிவிட்டது, சொற்கள்தான் பொருந்தவில்லை. இரண்டிலும் இல்லை என்றால் பக்கம் ஏறவில்லை, பூட்டையும் எழுத்துருவையும் சரிபாருங்கள். Google Alerts-இல் அதே சொற்களைக் கொடுத்துவைத்தால் பின்னால் வரும் செய்திகளும் மின்னஞ்சலுக்கு வரும்.

ஆலைச் செய்தி அன்று மாலையே இரண்டு நாளிதழ்த் தளங்களில் வந்தது. ஒன்றில் என் தலைப்பு அப்படியே இருந்தது. இன்னொன்றில் கூலி '60 ரூபாய்' என்று விழுந்திருந்தது. அச்சில் என்றால் மறுநாள் திருத்தம் கேட்க வேண்டும், அதைத் தேடிப் படிப்பவர் குறைவு. இணையத்தில் உடனே மாற்றலாம். செய்தியின் இணைப்பையும், என் குறிப்பில் சரியான வரியையும் தாலுகா நிருபருக்கு அனுப்பி, போனிலும் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் 6 ஆனது. மறுநாள் காலை மூட்டையோடு வந்த முதல் மூன்று பேரில் ஒருவர் அரூரிலிருந்து வந்திருந்தார், கையில் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.